காதுக்கு எழுதும் அறிக்கை

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கம் ஞாயிறு இரவு ஏழரைக்குக் கொன்பரன்ஸ் கோல் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடைகாலமென்றால் அப்போது லண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10. ஒருவர் கார் ஓட்டுகிறார், இன்னொருவர் சமைக்கிறார். செயலாளர் வாசிக்கிறார்:

“கடந்த பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டு, மூன்று ஒப்பந்தக்காரரிடம் விலை கோரப்பட்டு, அவற்றுள் குறைந்ததாக அமைந்த 1,846,500 ரூபாய்க்கான கூரைத் திருத்த மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் கோரப்படுகிறது.”

தாளில் இதில் பிழையில்லை. கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. கேட்ட ஒலியை நாம் மனதுக்குள் திருப்பிச் சொல்லாவிட்டால் அது சுமார் 2 செக்கனில் மங்கத் தொடங்கும். தமிழிலோ அடைகள் எல்லாம் முன்னே வரும். பேச்சு கூரையைப் பற்றியது என்பதே வசனத்தின் பிற்பகுதியில்தான் தெரிகிறது. அதற்குள் தொகை போய்விடும்.

அதையே இப்படி எழுதலாம்: “இப்ப கூரை விசயம். மூன்று பேரிட்டை விலை கேட்டனாங்கள். குறைஞ்ச விலை பதினெட்டரை இலட்சம். பதினெட்டரை இலட்சம் ரூபாய். இதுக்கு உங்கடை சம்மதம் வேணும்.” சரியான தொகை கூட்டக் குறிப்பில் இருக்கட்டும்.

எண்களை இரண்டு தரம் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இணைய அழைப்பில் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெக்கன் துண்டுகளாகப் பயணிக்கிறது. தொடர்ந்து ஐந்தாறு துண்டுகள் தொலைந்தால் ஓர் அசையே விழுங்கப்படலாம். எழுபதையும் எண்பதையும் பிரித்துக்காட்டுவது நடுவிலுள்ள அந்தச் சின்ன ஒலிதான். “எழுபது, ஏழு சைபர்” என்று எழுதிவைத்தால் ஒன்று தப்பினாலும் மற்றது போய்ச்சேரும்.

அடுத்த சிக்கல் கேள்விகளில். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிசெக்கன் அளவுதான் என்று பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அழைப்பில் ஒரு வழித் தாமதம் 300 மில்லிசெக்கன் என்றால், பதில் வந்துசேர 600 கூடுதலாகும். கேள்வி கேட்டவர் ‘ஒருத்தரும் இல்லைப்போல’ என்று மறுபடி தொடங்குவார். அதேநேரம் பதிலும் வந்து மோதும். பிறகு இரண்டு பக்கமும் “நீங்கள் சொல்லுங்கோ”. ஆகவே, “ஏதும் கேள்வி இருக்கோ?” என்பதை அறிக்கையிலிருந்து வெட்டிவிடுங்கள். ஆளை முதலில் கூப்பிட்டுப் பிறகு கேளுங்கள்: “பொருளாளர் அண்ணை, உங்களிட்டைத்தான் கேக்கிறன், முதல் தவணை எப்ப குடுக்கலாம்?” பக்கத்தில் ‘மூன்று வரை எண்ணு’ என்று எழுதிவையுங்கள். மியூட்டை எடுக்கவும் அந்த நேரம் வேண்டும்.

“மதிப்புக்குரிய தலைவர் அவர்களே” வரிசையை முழுதாக வெட்டச் சொல்லமாட்டேன். புதுக் குரலுக்குக் காது பழகச் சில செக்கன்கள் பிடிக்கும். இரண்டு வசனம் போதும்.

முதல் நாளே அறிக்கையை வீட்டில் ஒருவருக்குப் போனில் வாசியுங்கள். முடிந்ததும் தொகை எவ்வளவு, எதற்குச் சம்மதம் கேட்டோம் என்று விசாரியுங்கள். “என்ன தொகை சொன்னனீங்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்த வசனத்தை இரண்டாக உடையுங்கள். வாக்கெடுப்பிலும் “ஓம்” என்று எல்லாரும் சேர்ந்து சொன்னால் யார் சொன்னதென்று தெரியாது. மறுப்பவரை முதலில் பேசவிட்டு, பிறகு பெயர் பெயராகக் கூப்பிட வேண்டும்.