பாக்கெட் எங்கே தொலைகிறது? mtr அறிக்கையைப் படிக்கும் முறை

இணைய இணைப்பு தடுமாறும்போது, பாக்கெட்டுகள் பாதையின் எந்த இடத்தில் தொலைகின்றன என்று கண்டறிய traceroute, mtr என்ற இரண்டு கருவிகள் உதவுகின்றன. இவற்றை இயக்குவது எளிது, படிப்பதுதான் கடினம். அறிக்கையின் நடுவில் ஏதோ ஒரு வரியில் பெரிய இழப்பைக் கண்டதும் அந்த ரவுட்டர்தான் பழுதென்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. அது ஏன் தவறு என்பது கருவி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஒவ்வொரு ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் டி.டி.எல். என்ற ஓர் எண் உண்டு. பாக்கெட் ஒரு ரவுட்டரைக் கடக்கும்போதெல்லாம் அந்த எண்ணில் ஒன்று குறைகிறது. எண் சுழியாகிவிட்டால் ரவுட்டர் பாக்கெட்டை அங்கேயே கைவிட்டு, 'நேரம் கடந்துவிட்டது' என்று அறிவிக்கும் ஐ.சி.எம்.பி. செய்தி ஒன்றை, அனுப்பிய கணினிக்குத் திருப்பி விடுகிறது. வழி தவறிய பாக்கெட்டுகள் வலையமைப்பில் முடிவின்றிச் சுற்றாமல் இருக்கச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டை, 1980களின் இறுதியில் வான் ஜேக்கப்சன் பாதையை அறியும் கருவியாக மாற்றினார். முதலில் டி.டி.எல். 1 என்று வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டர் பதிலளிக்கும். 2 என்று வைத்தால் இரண்டாவது பதிலளிக்கும். இப்படியே இலக்கு வரை எல்லா ரவுட்டர்களின் முகவரிகளும் வரிசையாகக் கிடைத்துவிடும். இதுவே traceroute. ஒவ்வொரு ஹாப்புக்கும், அதாவது பாதையின் ஒவ்வொரு ரவுட்டர் நிறுத்தத்துக்கும், அது வழக்கமாக மூன்று பாக்கெட்டுகளை மட்டுமே அனுப்புவதால், இழப்பின் அளவை அதைக் கொண்டு மதிப்பிட முடியாது. mtr அதே வேலையை நொடிக்கொரு முறை திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு ஹாப்புக்கும் கணக்கு வைக்கிறது.

சென்னையில் ஒரு வீட்டிலிருந்து சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வருக்கு எடுத்ததாகக் கொள்ளத்தக்க அறிக்கை ஒன்றைப் பார்ப்போம். இதிலுள்ள பொது முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

```
$ mtr -rwn -c 200 203.0.113.80
                     Loss%  Snt  Last   Avg  Best  Wrst StDev
 1.|-- 192.168.1.1    0.0%  200   1.1   1.3   0.8   6.2   0.5
 2.|-- 100.64.0.1     0.0%  200   4.0   4.4   3.1  12.7   1.2
 3.|-- 198.51.100.9  63.5%  200   5.2   5.9   4.6  21.3   2.4
 4.|-- 198.51.100.33  0.0%  200   6.0   6.3   5.5  14.0   1.1
 5.|-- 192.0.2.17     6.5%  200  52.8  51.6  38.4  97.2  11.9
 6.|-- 192.0.2.42     7.0%  200  49.3  52.0  38.9  98.8  12.1
 7.|-- 203.0.113.80   6.0%  200  55.1  52.3  39.2  99.5  12.0
```

முதலில் கண்ணில் படுவது மூன்றாவது வரியின் 63.5% என்ற எண். ஆனால் நான்காவது ஹாப்புக்குப் போன 200 பாக்கெட்டுகளும் அந்த மூன்றாவது ரவுட்டரைக் கடந்துதான் போயிருக்கின்றன; அவற்றில் ஒன்றுகூடத் தொலையவில்லை. எனவே மூன்றாவது ரவுட்டர் பாக்கெட்டுகளைக் குறையின்றிக் கடத்துகிறது, தன்னிடம் டி.டி.எல். தீர்ந்தவற்றுக்குப் பதில் எழுதுவதில் மட்டும் சிக்கனம் காட்டுகிறது. பெரிய ரவுட்டர்களில் பாக்கெட்டுகளைக் கடத்தும் வேலையைத் தனிச் சில்லுகள் செய்கின்றன; ஐ.சி.எம்.பி. பதில் எழுதும் வேலையோ பெரும்பாலும் பொதுச் செயலியின் பொறுப்பில் இருக்கிறது. அந்தச் செயலி திணறாமலிருக்க, பதில்களுக்கு வேக வரம்பு வைப்பது வழக்கம். லினக்ஸ் ரவுட்டரிலும் இத்தகைய வரம்பு இயல்பாகவே உண்டு: தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு முகவரிக்கு ஏறக்குறைய நொடிக்கு ஒரு பதில்தான் கிடைக்கும். அத்தகைய ரவுட்டரை, ரூட் உரிமையோடு `-i 0.2` கொடுத்து நொடிக்கு ஐந்து முறை விசாரித்தால், பாதையில் எந்தக் குறையும் இல்லாமலே 80 விழுக்காட்டுக்கு அருகில் இழப்பு தெரியும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியை. அங்கே இழப்பு இல்லையென்றால், நடுவில் எத்தனை பெரிய எண் இருந்தாலும் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இருக்கிறது என்றால், அங்கிருந்து மேல்நோக்கிப் படித்துச் சென்று, ஏறக்குறைய அதே அளவு இழப்பு தொடர்ச்சியாக எந்த வரியில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நம் அறிக்கையில் அது ஐந்தாவது வரி. 6.5, 7.0, 6.0 என்று எண்கள் சற்று மாறுவதில் வியப்பில்லை. ஒவ்வொரு வரியும் வெவ்வேறு 200 பாக்கெட்டுகளின் கணக்கு. `-c` கொடுக்காவிட்டால் அறிக்கைக்கு mtr அனுப்புவது பத்துச் சுற்றுகள் மட்டுமே. நூற்றில் ஒரு பாக்கெட் தொலையும் பாதையில் அத்தகைய பத்துப் பாக்கெட் சோதனையை எடுத்தால், பத்தில் ஒன்பது தடவை இழப்பே தெரியாமல் போகும்.

தாமத எண்களையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். Best, Avg, Wrst என்பவை குறைந்த, சராசரி, மிகுந்த தாமதங்கள்; StDev தாமதம் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு. ஐந்தாவது ஹாப்பில் Best 5.5 மில்லிநொடியிலிருந்து 38.4க்குத் தாவுவது குறையல்ல. சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வரவே 32 மில்லிநொடி ஆகும். கவனிக்க வேண்டியது, Avg 51.6க்கும் Wrst 97.2க்கும் ஏறியிருப்பதையும் StDev 12ஐ எட்டியிருப்பதையும்தான். தாமதம் இப்படி அலைபாய்ந்துகொண்டே இழப்பும் சேர்ந்தால், எங்கோ ஒரு ரவுட்டரின் வரிசை நிரம்பி வழிகிறது, அதாவது இணைப்பில் நெரிசல் என்று ஊகிக்கலாம். மாலையில் வந்து விடியற்காலையில் மறைந்தால் ஊகம் வலுப்படும். தாமதம் ஆடாமல் அசையாமல் இருக்க இழப்பு மட்டும் எந்நேரமும் நீடித்தால், பழுதான இழையையோ அழுக்கேறிய இணைப்பானையோ சந்தேகிப்பது பொருத்தம்.

ஆனால் இந்த அறிக்கையை மட்டும் வைத்து நான்காவது ரவுட்டருக்கும் ஐந்தாவதற்கும் இடையில்தான் இழப்பு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. mtr காட்டுவது போய்த் திரும்பிய பாக்கெட்டுகளின் கணக்கு. திரும்பும் பாதை, போன பாதையாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணையத்தில் இரண்டும் வேறுபடுவது மிகச் சாதாரணம். ஐந்தாவது ரவுட்டரின் பதில் முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பு வழியாக வந்து, அங்கே தொலைந்துகொண்டிருக்கலாம். அந்த வழி நம் அறிக்கையில் ஒரு வரியாகக்கூடத் தெரியாது.

சர்வர் நம் பொறுப்பில் இருந்தால் இதைத் தீர்த்துவிடலாம். வீட்டிலிருந்து 200 பிங் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே, சர்வரில் வந்து சேர்பவற்றை tcpdump கருவியால் எண்ண வேண்டும். 198.51.100.200 வீட்டு இணைப்பின் பொது முகவரி என்று கொள்வோம்.

```
tcpdump -n 'icmp[icmptype] == icmp-echo and src host 198.51.100.200'
```

200உம் வந்து சேர்ந்து, வீட்டுக்கு 188 பதில்கள் மட்டும் திரும்பினால், இழப்பு திரும்பும் பாதையில் இருக்கிறது. அப்போது சர்வரிலிருந்து வீட்டை நோக்கி எடுக்கும் mtr அறிக்கைதான் அந்தப் பாதையின் ரவுட்டர்களைக் காட்டும். சர்வருக்கே 188தான் வந்தது என்றால், நான்குக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட இணைப்பின் மேல் விழுந்த சந்தேகம் வலுவாகிறது.

கடைசி வரியிலேயே 100% இழப்பு காட்டி, இணையதளம் மட்டும் நன்றாகத் திறந்தால், அங்குள்ள ஃபயர்வால் ஐ.சி.எம்.பி.யைத் தடுக்கிறது என்று பொருள். அந்நிலையில் `mtr -T -P 443` என்று கொடுத்து, இணையதளம் பயன்படுத்தும் அதே டி.சி.பி. போர்ட்டில் சோதிக்கலாம். வேறொரு காரணத்துக்காகவும் இது பயன்படும். இரண்டு ரவுட்டர்களுக்கிடையே பல இணைப்புகள் இருக்கும்போது, முகவரியையும் போர்ட் எண்ணையும் பொறுத்து ஒவ்வோர் உரையாடலும் ஏதேனும் ஓர் இணைப்பில் ஏற்றப்படுகிறது. அவற்றில் ஒன்று மட்டும் பழுதென்றால், பிங் வேறோர் இணைப்பில் ஏறிக் குறையின்றிப் போகக்கூடும். சில பக்கங்கள் உடனே திறக்கும், சில தொங்கிக்கொண்டு நிற்கும். ஐ.சி.எம்.பி. அறிக்கை சுத்தமாக இருந்து டி.சி.பி. அறிக்கையில் இழப்பு தெரிந்தால், சேவை நிறுவனத்துக்கு இரண்டையும் நேரக்குறிப்போடு சேர்த்தே அனுப்புங்கள். கற்றை இணைப்புகளில் எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று தேட அவர்களுடைய பொறியாளருக்கு அந்த வேறுபாடுதான் பிடிமானம்.