எழுத்துரு மேல் பழி போடாதீர்கள், வரியை வெட்டியது உங்கள் நிரல்தான்

"சார், மெயிலில் தமிழ் உடைந்து வருகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்க்கட்டுமா?"

இந்த மாதம் இதே கேள்வி எனக்கு நான்காவது முறை வருகிறது. தானியங்கி மின்னஞ்சல் அனுப்பும் நிரல்களைப் பராமரிப்பது என் வேலை. இதுவரை என்னிடம் வந்த "எழுத்து உடைகிறது" புகார்களில் எழுத்துரு குற்றவாளியாக இருந்தது மிக அபூர்வம். பெரும்பாலும் யாரோ ஒருவர் நீள வரியை 72 இட அகலத்துக்கு மடக்கியிருப்பார். மடக்கியிருக்க மாட்டார், வெட்டியிருப்பார். இரண்டும் ஒன்றல்ல.

இந்த முறை வந்ததை அப்படியே சொல்கிறேன். விண்ணப்பத்தின் நிலையைத் தெரிவிக்கும் வெற்று உரை மின்னஞ்சல். அனுப்புவதற்கு முன் உரையை `fold -s -w 72` வழியாக விட்டிருந்தார்கள். `-s` கொடுத்தால் இடைவெளியில்தான் மடங்கும், சொல் உடையாது என்ற நம்பிக்கை. ஆங்கில மின்னஞ்சல்களில் அது பல காலமாகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. தமிழ் வார்ப்புருவைச் சேர்த்த அன்றே, ஒரு வரி "தெரிவிக்கப்பட்டிருக்கிறத" என்று முடிந்தது. அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு உகரக் குறி மட்டும் தனியாக நின்றது.

சரிசெய்ய நினைத்த தம்பி 72ஐ 70 ஆகக் குறைத்தார். இப்போது புள்ளிவட்டத்தோடு, கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமும் சேர்ந்துகொண்டது. "முன்னைவிட மோசமாகிவிட்டது, அப்படியென்றால் எழுத்துருதான்" என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்தச் சொல்லை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

```
printf '%s' "தெரிவிக்கப்பட்டிருக்கிறது" | wc -m
printf '%s' "தெரிவிக்கப்பட்டிருக்கிறது" | wc -c
```

பள்ளியில் கற்றபடி எண்ணினால் 14 எழுத்து. யூனிகோட் அதை 25 குறிகளாக வைத்திருக்கிறது, ஏனென்றால் "தெ" என்பது தகரமும் எகரக் குறியும் சேர்ந்த இரண்டு, "க்" என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக 75 பைட். பல சர்வர்களில் இன்னும் இருக்கும் பழைய `fold` பைட்டைத்தான் எண்ணுகிறது. அதன் கண்ணுக்கு 75 என்பது 72ஐவிடப் பெரிது. ஒரே சொல், நடுவில் இடைவெளியே இல்லை. `-s` என்ன செய்யும்? கைவிரித்துவிட்டு 72ஆவது பைட்டில் வெட்டும்.

72 என்பது 3ஆல் வகுபடும். அதனால் வெட்டு சரியாக 24ஆவது குறிக்குப் பின் விழுந்தது. தகரம் இந்தப் பக்கம், உகரக் குறி அந்தப் பக்கம். 70 வகுபடாது. அதனால் வெட்டு தகரத்தின் முதல் பைட்டுக்கும் இரண்டாவது பைட்டுக்கும் நடுவே விழுந்தது. அரைகுறை பைட்டை எந்த எழுத்துருவாலும் வரைய முடியாது, அதற்குத்தான் அந்த வைரம்.

இனி யாராவது "உடைகிறது" என்று சொன்னால், முதலில் திரைப்பிடிப்பை அனுப்பச் சொல்லுங்கள். கறுப்பு வைரம் தெரிந்தால் வெட்டியவர் பைட்டை எண்ணியிருக்கிறார். புள்ளிவட்டத்தோடு அநாதையாக ஒரு கொம்போ காலோ நின்றால் வெட்டு இரண்டு குறிகளுக்கு நடுவில் விழுந்திருக்கிறது. எழுத்துகள் முழுசாக இருந்து சொல் மட்டும் இரண்டாகக் கிடந்தால், எழுத்தைப் பார்த்திருக்கிறார், சொல்லைப் பார்க்கவில்லை. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான் என்றாலும், நோய் எங்கே என்று தெரிந்தால் நிரலில் தேட வேண்டிய இடம் உடனே கிடைத்துவிடும்.

இப்போது என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "சார், அந்தச் சொல் 72ஐத் தாண்டுகிறதே, வெட்டாமல் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். தாண்டட்டும் ஐயா! விட்டுவிடுங்கள்!

மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒரு வரி 78ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, 998ஐத் தாண்டவே கூடாது. முதலாவது பரிந்துரை, இரண்டாவதுதான் கட்டளை. வாசிப்பவரின் திரையில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்ன எண்ணைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, சொல்லை அதற்குப் பலி கொடுக்கிறார்கள். 72 எங்கிருந்து வந்தது என்றும் பலருக்குத் தெரியாது. பதில் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் `> ` சேரும், ஒரு முறைக்கு இரண்டு இடம். மூன்று முறை பதில் மேல் பதில் போனாலும் 78க்குள் அடங்கட்டும் என்று விட்ட ஓரம் அது. அந்த ஓரத்தைக் காப்பாற்ற ஒரு சொல்லை உடைப்பது, துணி மடிப்பு கலையக் கூடாது என்று சட்டையைக் கத்தரிப்பது போல. ஒரு வரி 80 ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு சொல் உடைந்தால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

இணைப்பு உடைந்தால் அதைவிட மோசம். பைத்தானின் `textwrap` இயல்பாகவே நீளச் சொல்லை வெட்டும், இணைப்புக்கோட்டிலும் மடக்கும். `https://example.org/vinnappam/nilai-ariya` போன்ற முகவரி வரி ஓரத்தில் வந்தால் `nilai-` வரை ஒரு வரி, மீதி அடுத்த வரி. பெறுபவர் முதல் பாதியைச் சொடுக்குவார், "பக்கம் இல்லை" என்று வரும், இணையதளம் வேலை செய்யவில்லை என்று புகார் எழுதுவார். அந்தப் புகார் சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வரும். இரண்டு பழக்கத்தையும் அணையுங்கள்:

```
textwrap.fill(paththi, width=72,
              break_long_words=False,
              break_on_hyphens=False)
```

இது குறிகளை எண்ணும், பைட்டை அல்ல. அதனால் தமிழ் வரிகள் ஆங்கில வரிகளைவிடக் கண்ணுக்குக் குட்டையாகத் தெரியும். சிலர் அதைப் பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை. எழுத்தை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் `regex` தொகுப்பின் `\X` கொண்டு எண்ணலாம், ஆனால் அந்தச் சிரமம் தேவைப்படும் மின்னஞ்சலை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முழு மடலையும் ஒரே மூச்சில் `fill`-இடம் கொடுத்தால் பத்திகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாகிவிடும். வெற்று வரியில் பிரித்து, பத்தி பத்தியாகக் கொடுங்கள். பட்டியலையும் முகவரியையும் தொடாதீர்கள்.

இதைக் கேட்ட உடனே எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. "அப்படியானால் மடக்கவே வேண்டாம், பத்தியை ஒரே வரியாக அனுப்பிவிடுகிறேன்" என்பார்கள். 998 என்ற கட்டளை இங்கேதான் கடிக்கும். அது வழியிலுள்ள சர்வர்களுக்குப் பைட் கணக்கு. 998 பைட்டில் 332 தமிழ்க் குறிகள்தான் அடங்கும், அதாவது ஒரு நடுத்தரப் பத்தி. அதற்கு மேல் போனால், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பான அமைப்பில் அந்த இடத்தில் ஒரு வரிமுறிவையும் இடைவெளியையும் தானே செருகிவிடும். செருகும் இடம் எழுத்தின் நடுவாகவும் இருக்கலாம். மறுபடியும் அதே வைரம். இந்த முறை உங்கள் நிரலில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

இதைத் தவிர்க்க, மடலைக் கோட்டட்-பிரிண்டபிள் அல்லது பேஸ்64 குறியாக்கத்தில் அனுப்பும்படி மின்னஞ்சல் நூலகத்திடம் சொல்லுங்கள். அது வரியை 76க்குள் மடக்கும், பெறும் பக்கம் அந்த மடிப்பைத் தடயமில்லாமல் நீக்கிவிடும். அந்த 76 பயணத்துக்கான மூட்டை கட்டல், உங்கள் 72 வாசிப்புக்கானது. "நூலகமே மடக்குகிறதே, நான் ஏன் மடக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மடலின் மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு, வரி ஓரத்தில் `=` இருக்கிறதே என்று பதறி அதை நீக்கும் நிரல் எழுதிய ஒருவரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஏற்கெனவே மடக்கிய உரையை இன்னொரு அகலத்துக்கு மடக்கும்போது, பழைய வரிமுறிவுகளை முதலில் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் ஒரு நீள வரி, ஒரு ஒற்றைச் சொல், ஒரு நீள வரி, ஒரு ஒற்றைச் சொல் என்று பல் விழுந்த சீப்பு மாதிரி வரும்.

குறுஞ்செய்திக்கு இந்த அறிவுரை பாதிதான் பொருந்தும். அங்கே அகலம் என்பதே இல்லை, மடக்குவதைத் தொலைபேசி பார்த்துக்கொள்ளும். நீங்கள் செருகும் ஒவ்வொரு வரிமுறிவும் ஓர் இடத்தை வீணாக்கும். அங்கே உள்ளது மொத்த நீளத்துக்கான வரம்பு. தமிழ் ஒரு குறி இருந்தாலும் 160 என்பது 70 ஆகச் சுருங்கிவிடும். நீளச் செய்தியை அனுப்பும் சேவையே பிரித்து, தொலைபேசி ஒட்டிக் காட்டும் ஏற்பாடு இருந்தால், ஒரு பகுதிக்கு 67 என்று கணக்கு வைத்துக்கொண்டு உரையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அந்த வசதி இல்லாமல் தனித்தனிச் செய்திகளாக அனுப்ப வேண்டியிருந்தால் மட்டும் நீங்கள் பிரிக்க வேண்டும். அப்போது `seithi[0:70]` என்று எழுதிவிட்டு வராதீர்கள். மேலே காட்டிய அதே அமைப்போடு `textwrap.wrap` போதும், `width=70`. பொம்மை முகங்கள் சேர்த்தால் கணக்கு தவறும், அவற்றில் பெரும்பாலானவை குறைந்தது இரண்டு இடம் பிடிக்கும்.

அந்தத் தம்பியின் நிரலில் கடைசியில் மாறியது ஒரு வரிதான். `fold` போய் `textwrap` வந்தது. சோதிப்பதற்கு "தெரிவிக்கப்பட்டிருக்கிறது" என்ற சொல்லையும் 90 குறி நீளமுள்ள ஓர் இணைப்பையும் ஒரே பத்தியில் போட்டு, அகலத்தை 20 ஆக வைத்து ஓட்டச் சொன்னேன். இரண்டும் எல்லையைத் தாண்டிக்கொண்டு, முழுசாக, தனித்தனி வரியில் நின்றன. வார்ப்புருவை மாற்றும்போதெல்லாம் அந்தச் சோதனையை ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இறக்கி வைத்த மூன்று புதிய எழுத்துருக்கள் இன்னும் சர்வரில் சும்மா கிடக்கின்றன.