தலைக்குக் குளித்தால் உதிரம் நிற்குமா, கூடுமா?

மாதவிடாய் நாட்களில் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று சொல்பவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "உதிரம் உள்ளேயே நின்றுவிடும்" என்பார் ஒருவர். "போக்கு கூடிவிடும்" என்பார் இன்னொருவர். ஒரே தண்ணீர் இரண்டு வேலையையும் எப்படிச் செய்யும்? இத்தனைக்கும் இருவருமே பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு மாதவிடாயில் போகும் இரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிதான்; இரண்டு அல்லது இரண்டரை மேசைக்கரண்டி அளவு. அது எல்லா நாளும் ஒரே அளவாகப் போவதில்லை. பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு நாட்களிலேயே பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் படிப்படியாகக் குறையும்.

இப்போது ஒரு பெண் முதல் நாள் காலையில், லேசாகக் கறை பட்டதுமே தலைக்குக் குளிக்கிறார் என்று வையுங்கள். மறுநாள் போக்கு அதிகமாக இருக்கிறது. "குளித்ததால் கூடிவிட்டது" என்று முடிவு செய்கிறார். அவருடைய அக்கா மூன்றாம் நாள் குளிக்கிறார். நான்காம் நாள் வெறும் கறைதான். "குளித்ததால் நின்றுவிட்டது" என்கிறார். குளிக்காமல் இருந்தாலும் இருவருக்கும் இதேதான் நடந்திருக்கும். எந்த நாளில் குளித்தோம் என்பதைப் பொறுத்து தண்ணீர் மேல் வெவ்வேறு பழி விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, போக்கைத் தொடங்கி வைப்பதும் நிறுத்துவதும் எது? கரு தரிக்காத சுழற்சியில், கடைசி நாட்களில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனின் அளவு சரிகிறது. அதை நம்பி வளர்ந்திருந்த கருப்பையின் உள்சவ்வு ஆதரவின்றி உதிரத் தொடங்குகிறது. அங்கே உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்து, உதிர்ந்ததை வெளியே தள்ளுகிறது. அடிவயிற்று வலி இந்தச் சுருக்கத்தால்தான். பிறகு இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, சின்னச் சின்ன உறைவுகள் அவற்றை அடைக்கின்றன, கீழே மிஞ்சியிருக்கும் அடுக்கிலிருந்து புதுச் சவ்வு வளர்ந்து காயத்தை மூடுகிறது. தலையில் ஊற்றிய தண்ணீர் இதில் எந்தப் படியையும் தொடுவதில்லை. வெளியே சூடோ குளிரோ, உடல் தன் உள்வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்துக்கொள்ளப் பார்க்கும். குளிர்ந்த நீர் பட்டால் சுருங்குவது தோலில் உள்ள இரத்தக்குழாய்கள். கருப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கிறது.

இந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டியிலோ குளத்திலோ இடுப்பளவு நீரில் இருக்கும்போது, வெளியிலிருந்து அழுத்தும் நீர் உதிரம் வெளிவருவதைச் சற்றுத் தடுக்கும். பார்ப்பவர்களுக்கு நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் நிற்கவில்லை, கரையேறியதும் வரும்.

மாதவிடாயில் வெந்நீரில் குளிக்கக் கூடாது என்ற பயம் இன்னும் வேடிக்கை. அடிவயிற்றில் சூடு வைப்பது மாதவிடாய் வலிக்கு நிரூபிக்கப்பட்ட மருத்துவம். சுமார் 39 டிகிரி சூட்டைப் பல மணி நேரம் தரும் ஒட்டுப்பட்டையை இபுபுரூஃபன் மாத்திரையோடு ஒப்பிட்டு 2001-இல் வெளிவந்த ஆய்வு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்ததாகக் காட்டியது. குளிப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். பெண்ணுறுப்புக்குள் நீரைப் பீய்ச்சிக் கழுவினால் அங்கே பாதுகாப்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குலைந்துபோகும்.

மாதவிடாய் நாட்களில் புளிப்பு சாப்பிடக் கூடாது என்ற இன்னொரு விலக்குக்கு வருவோம். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு கடுமையானதுதான். ஆனால் அது போய்ச் சேரும் இரைப்பையில் அதற்குச் சமமான, சில நேரம் அதைவிடக் கடுமையான அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தாண்டிக் குடலுக்குள் நுழைந்ததும், கணையம் சுரக்கும் காரநீர் எல்லாவற்றையும் நடுநிலையாக்கிவிடும். இரத்தத்தின் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ஆக, "புளிப்பு" என்ற ஒன்று கருப்பை வரை போவதே இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவருக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது மாதத்தின் எல்லா நாளுக்கும் பொருந்தும்.

உண்மையில் இந்த விலக்கு தலைகீழாக இருக்கிறது. 1 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 35 மில்லி போனால் சுமார் 17.5 மில்லிகிராம் இரும்பு போகிறது. கீரை, பருப்பு போன்றவற்றில் உள்ள இரும்பைக் குடல் கஞ்சத்தனமாகத்தான் எடுத்துக்கொள்ளும்; கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பருப்பின் மேல் பிழிந்த எலுமிச்சை அந்த இழப்பை ஈடுகட்ட உதவுகிறது. அதைத்தான் வேண்டாம் என்கிறோம்!

சமைக்கக் கூடாது, ஊறுகாயைத் தொட்டால் கெட்டுவிடும் என்பதையெல்லாம் படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று நினைத்தால் தவறு. மாதவிடாயில் இருக்கும் பெண் தொட்டால் உப்பிட்ட பன்றி இறைச்சி கெடுமா என்று 1878-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கடிதங்கள் வந்தன. டிப்தீரியா பரிசோதனையால் புகழ்பெற்ற பேலா ஷிக் என்ற மருத்துவர், மாதவிடாயில் இருந்த பணிப்பெண் கையாண்ட பூக்கள் வாடியதைக் கண்டு, மாதவிடாயில் இருக்கும் பெண்களின் உடலில் நஞ்சு சுரப்பதாக 1920-இல் எழுதினார். அதற்கு "மெனோடாக்ஸின்" என்ற பெயரும் வந்தது. பல ஆண்டுகள் தேடியும் அந்த நஞ்சு கிடைக்கவில்லை. மாதவிடாய் இரத்தம் செலுத்திய விலங்குகள் இறந்ததற்கு, அதில் கலந்திருந்த பாக்டீரியாவே காரணம் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. வியர்வை வழியாகவோ விரல் வழியாகவோ மாதவிடாயின் எதுவும் வெளிவருவதில்லை. ஊறுகாய் கெடுவது ஈரக் கரண்டியாலும் குறைந்த உப்பாலும். சமைக்கும் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும். வலியோடு அடுப்படியில் நிற்க முடியாதவர் ஓய்வெடுக்கட்டும், அது வேறு விஷயம்.

தண்ணீர் மேல் பழி போடுவதில் ஒரு நிஜ ஆபத்து உண்டு. ஒரு பெண்ணுக்கு ஆறு மாதமாக ஒன்பது நாள் போக்கு, ஒரு மணி நேரத்துக்கொரு நாப்கின் நனைகிறது, இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய இரத்தக் கட்டிகள் விழுகின்றன என்று வையுங்கள். "முதல் நாளே தலைக்கு ஊற்றியதுதான்" என்று வீட்டில் சொல்ல, அவர் குளிப்பதை நிறுத்துகிறார். போக்கு நிற்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது. இதற்குக் கருப்பைக் கட்டியோ, தைராய்டு கோளாறோ, இரத்தம் உறைவதில் குறையோ காரணமாக இருக்கலாம். மகளிர் மருத்துவர் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார். அதில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்; உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அந்த அளவு, ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே சரிந்திருக்கும்.