அறவுளைச்சல்: ஒரு சொல் விளக்கம்

செய்ய வேண்டியது எது என்று ஐயமறத் தெரிந்திருந்தும், வேலைக்கு அமர்த்திய நிறுவனத்தின் கட்டளை அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது ஒருவர் படும் வேதனைக்கு ஆங்கிலத்தில் 'மோரல் டிஸ்ட்ரஸ்' என்று பெயர். அமெரிக்க மெய்யியலாளர் அன்ட்ரூ ஜேமட்டன், தாதியர் தொழிலின் அறச் சிக்கல்களைப் பற்றி 1984இல் எழுதிய நூலில் இதற்கு வரையறை தந்தார். வைத்தியசாலையில் பிறந்த சொல்லாயினும், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று கொழுந்தின் எடையைப் பதியும் கணக்கப்பிள்ளைக்கும் இது அப்படியே பொருந்தும்.

சொல்லின் முதற்பகுதி, வழக்கம், நடத்தை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் இருந்த ஒரு சொல்லுக்கு நிகராக சிசரோ அதிலிருந்து ஒரு பெயரடையை ஆக்கிக்கொண்டார். இரண்டாம் பகுதியின் மூலம் இன்னும் கவனிக்கத் தக்கது. இரு பக்கமும் இழுத்து இறுக்குதல் என்னும் இலத்தீன் வினையே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று 'டிஸ்ட்ரஸ்' ஆயிற்று. வெறும் துயரம் மட்டுமன்றி, இழுபடுதலும் அதன் மூலத்தில் உண்டு என்பதை மொழிபெயர்ப்பவர் மறந்துவிடக் கூடாது.

ஜேமட்டன் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். எது சரி என்றே தெரியாதிருப்பது ஒன்று. சரியான இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதுவது இன்னொன்று. சரி எது என்று தெரிந்தும் செய்ய முடியாதிருப்பது மூன்றாவது. இவற்றை ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம். எந்தக் குறிப்பிட்ட தோட்டத்தையும் சுட்டாத ஓர் எடுத்துக்காட்டாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில், தலவாக்கலைப் பக்கத்து மலையொன்றில் கொழுந்து நனைந்தே வருகிறது. சாக்கின் எடையும் இலையில் ஒட்டிய நீரின் எடையும் கழிக்கப்பட வேண்டியவைதான். ஆனால் நீர் ஒரு கிலோவா, இரண்டு கிலோவா என்பதைக் கண்ணால் பார்த்து யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அன்றைக்குக் கணக்கப்பிள்ளைக்கு இருப்பது தெளிவின்மை மட்டுமே. மற்றொரு நாள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு, ஒரு நாளைக்குப் பறித்தாக வேண்டிய நாளளவில் ஒரு கிலோ குறைகிறது. முழு நாட்கூலிக்கு உரிய முழுப்பேர் போட்டால் பதிவு பொய்யாகும். உள்ளபடி எழுதினால் அவளுடைய கூலி பாதியாகும். இது இரு கடமைகளுக்கு இடையிலான இக்கட்டு; எதைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் வலிக்கும். மூன்றாவது நாள், தை மாத வறட்சி. இலை காய்ந்திருக்கிறது, தராசு 19 கிலோ காட்டுகிறது, சாக்கின் எடை முன்னரே நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் தலைக்கு 2 கிலோ கழிக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லப்பட்டிருக்கிறது. நாளளவு 18 கிலோ என்றால், 17 என்று எழுதப்பட்டவளுக்கு அரைப்பேர்தான் விழும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபாய் நாட்கூலியை வைத்துப் பார்த்தால், அரைப்பேர் போடும் வழக்கமுள்ள இடத்தில் அவள் கைக்கு வருவது 675 ரூபாய். இங்கே தெளிவின்மையும் இல்லை, இக்கட்டும் இல்லை. அவள் 19 கிலோ பறித்தாள் என்பது எழுதுபவருக்குத் தெரியும், எழுதுவது 17. ஜேமட்டன் பெயரிட்டது இந்த மூன்றாவது நாளுக்குத்தான்.

ஏன் மறுக்கக் கூடாது என்று வெளியில் இருந்து கேட்பது எளிது. மலையகத்தில் தோட்ட உத்தியோகத்தரின் வீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும், பிள்ளைகளின் பாடசாலையும் மாறும். அவர் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயத்தில் பிறந்து வளர்ந்தவராயின், சாக்கைச் சுமந்து வரிசையில் நிற்பவர்களுள் அவருடைய சின்னம்மாவும் இருக்கலாம். இத்தகைய நிறுவனத் தடையே வரையறையின் அச்சாணி. தடை ஏதும் இல்லாமல், சோம்பலாலோ அச்சப் பழக்கத்தாலோ ஒருவர் வாளாவிருந்தால் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

பின்னர் ஜேமட்டன், தடை எதிர்ப்படும் கணத்தில் எழும் கோபமும் பதைப்பும் ஒன்று, அதன்படி நடந்துவிட்ட பிறகு உள்ளே தங்குவது வேறொன்று என்று மேலும் பிரித்தார். தங்குவதை ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டளவில் அற எச்சம் என்னும் பொருளில் அழைக்கத் தொடங்கினர். ஒவ்வொரு நிகழ்வின் பதைப்பும் அடங்கினாலும் எச்சம் முழுதாக நீங்குவதில்லை. அடுத்த நிகழ்வு அந்த உயர்ந்த மட்டத்திலிருந்தே தொடங்குகிறது என்று 2009இல் எப்ஸ்டைன், ஹாம்ரிக் என்னும் இருவர் விளக்கினர். சிறிய கட்டளை ஒன்றுக்குப் பொருத்தமில்லாத அளவு பெரிய சினம் எழுவதற்கும், இன்னொரு பக்கம் எதுவுமே உறைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். உணர்வு மரத்த அந்நிலையை 'பழகிவிட்டது' என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். மெல்ல மெல்ல வரும் இத்தளர்ச்சிக்கு அறச்சோர்வு என்பது போதுமான சொல்.

வேலைக் களைப்பிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? தீபாவளிக்கு ஒரு வாரம் ஊரில் நின்று உறங்கினால் உடற்களைப்பு ஆறும். அறச்சோர்வோ ஓய்வில் மறைந்தாற்போல் இருந்து, தராசைக் கண்ட முதல் காலையிலேயே திரும்பிவிடும். ஏனெனில் அதற்குக் காரணம் வேலையின் அளவன்று, வேலையின் உள்ளடக்கம். கொடுஞ்செயலைச் செய்ததாலோ தடுக்காமல் கண்டதாலோ நேரும் 'மோரல் இஞ்சுரி' என்பதும் வேறு. போர்வீரர்களை ஆராய்ந்த உளவியலில் வளர்ந்த அச்சொல்லுக்கு அறக்காயம் எனலாம்.

இனித் தமிழ்ச் சொல். 'தார்மீக மன அழுத்தம்' என்று சிலர் எழுதுகின்றனர். அழுத்தம் என்றால் தேர்வுக்கு முந்தின நாளும் நினைவுக்கு வரும், நேர்மையின் பங்கு மங்கிவிடும். 'ஒழுக்கத் துயர்' இன்னும் மோசம், ஏனெனில் இக்காலத் தமிழில் ஒழுக்கம் என்பது பெரும்பாலும் தனிமனித நடத்தையாகச் சுருங்கிவிட்டது. அறவுளைச்சல் என்பதையே நான் விரும்புகிறேன். உளைதல் என்பது உழைத்த உடம்பில் விடாமல் நீடிக்கும் குடைச்சல். வெட்டுக்காயம் போல ஓரிடத்தைச் சுட்டிக் காட்ட முடியாதது. அந்த மெதுவான தன்மை இச்சொல்லுக்குள் தானாகவே அமைந்துவிடுகிறது. நிறுவனங்கள் சுவரில் தொங்கவிடும் 'விழுமியங்கள்' என்ற சொல்லுக்கு உறவான விழுமம், சிறப்பு என்னும் பொருளோடு இடும்பை என்னும் பொருளையும் உடையது என்பதைத் தொல்காப்பிய உரியியல் அறிந்தவர் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சொல்லைக் கையாளும்போது ஓர் எல்லையை மட்டும் மீறக் கூடாது. 19 கிலோ பறித்து 17 கிலோவுக்குக் கூலி பெற்றவளின் நிலை அறவுளைச்சல் அன்று. அவளுக்கு நேர்ந்தது கூலி இழப்பு, அதற்குத் தொழிற்சட்டத்திலும் தொழிற்சங்கத்திலும் வேறு பெயர்களும் வேறு வழிகளும் உள்ளன. இச்சொல் பேனா பிடித்தவருக்கு உரியது. அவருடைய உளைச்சலைப் பற்றி எழுதும் கட்டுரை ஒன்றில் அவளுடைய 2 கிலோ காணாமற்போனால், அக்கட்டுரையும் அன்றைய பதிவேட்டைப் போலவே கழித்து எழுதப்பட்டதாகும்.