புரண்டது இயல்பு அல்ல, செங்கோடு

போன வாரம் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தான். முப்பரிமாண அச்சில் எடுக்க, அஞ்சறைப்பெட்டிக்குக் குமிழ் வைத்த மூடி ஒன்றை வரைந்திருந்தான். வடிவத்தை அச்சுக்கான அடுக்குகளாக வெட்டுகிற ஸ்லைசரில் குமிழில் பாதியைக் காணோம். அவன் படித்த தமிழ் வழிகாட்டியில் "புரண்ட இயல்புகளை மீட்டமைக்கவும்" என்று இருந்ததாம். மென்பொருளின் அமைப்புகளை எல்லாம் ரீசெட் செய்துவிட்டு, "அப்படியும் சரியாகலண்ணே" என்றான். அவன்மேல் என்ன தப்பு?

அந்த 'இயல்பு' ஆங்கில 'நார்மல்' என்பதன் மொழிபெயர்ப்பு. இலத்தீனில் நோர்மா என்றால் தச்சரும் கொத்தனாரும் வைக்கிற மூலைமட்டம். அதற்கு ஒத்துச் செங்குத்தாக நிற்பது நார்மல். கணினியில் வரைந்த வடிவத்தின் மேற்பரப்பு முக்கோணங்களால் ஆனது; ஒவ்வொன்றுக்கும் செங்குத்தாக நிற்கும் கோடுதான் இங்கே அது. 'வழக்கமானது' என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள், ஒரு முக்கோணத்துக்கு 'இயல்பு' எப்படிப் புரளும் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா? பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே தொடுகோடு, செங்கோடு என்று ஜோடியாக இருக்கிறது. அதே ஆட்கள்தான் 'மேனிஃபோல்ட்' என்பதைப் 'பன்மடங்கு' ஆக்குகிறார்கள். பத்து மடங்கு, நூறு மடங்கு என்று விலை ஏறுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு விளிம்பிலும் சரியாக இரண்டு முக்கோணங்கள் சேர வேண்டும் என்பதே அச்சுக்காரருக்கு அதன் பொருள். ஒன்றே இருந்தால் ஓட்டை. மூன்று இருந்தால் பிசகு.

செங்கோடு என்று சொன்னால் வேலையும் புரியும். முக்கோணத்தின் மூன்று முனைகளும் வெளியிலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாக வரிசைப்பட்டிருந்தால் செங்கோடு வெளிநோக்கி நிற்கும். வரிசை மாறினால் அது உள்ளே திரும்பிவிடும். எந்தப் பக்கம் பிளாஸ்டிக், எந்தப் பக்கம் காற்று என்று ஸ்லைசர் அப்போது குழம்பும்.

பிளெண்டர் மென்பொருளில் Face Orientation போட்டேன். நீலம் வெளிப்பக்கம், சிவப்பு உள்பக்கம். குமிழில் பாதி சிவப்பு. செங்கோடுகளை வெளிநோக்கித் திருப்பும் Shift+N அழுத்தியும் திட்டுத்திட்டாகச் சிவப்பு மிச்சம் இருந்தது. Select All by Trait போய் Non Manifold கொடுத்தால் குமிழின் அடியில் ஒரு வளையம் முழுக்க மின்னியது. மூடியின் மேல்தளம் குமிழுக்கு அடியிலும் தொடர்ந்து ஓடியதால் அங்கே விளிம்புக்கு மூன்று முக்கோணங்கள். அந்த உள்தட்டுக்கு இரு பக்கமும் பிளாஸ்டிக்தான். அதன் செங்கோடு எந்தப் பக்கம் நின்றாலும் தப்பு. மூடி ஓரத்தில் ஒரு முக்கோணமும் விடுபட்டிருந்தது.

முதலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் முனைகளை இணைக்க Merge by Distance, அப்புறம் உள்தட்டை நீக்கினேன். ஓட்டையின் விளிம்புகளைத் தேர்ந்து F அழுத்தி மூடினேன். கடைசியாகத்தான் மறுபடி Shift+N. அதை முன்னதாகச் செய்தால் உள் எது வெளி எது என்று மென்பொருள் ஊகிக்கத்தான் செய்யும்.

எல்லாம் நீலமானதும் தம்பி கேட்டான்: "செங்கோடுன்னா சிவப்புக் கோடு இல்லையாண்ணே?" செங்கோல் என்ன சிவப்பா இருக்கு என்றேன்.