குண்டுமல்லி: 30 பைகளில் 18 மட்டுமே விற்பனைக்கு

எங்கள் நர்சரியில் இப்போது 30 குண்டுமல்லிப் பைகள் நிற்கின்றன. அவற்றில் 18தான் கொடுக்க முடியும். மீதி 12, குச்சி நட்டு வேர்விட்டதும் பைக்கு மாற்றிய செடிகள். மேலே தளதளவென்று இருந்தாலும் வேர் இன்னும் பையின் அடித்துளையை எட்டவில்லை. தண்டைப் பிடித்து லேசாக அசைத்தால் மண்ணோடு சேர்ந்து ஆடாமல், தண்டு மட்டும் ஆடும். எந்தக் கடையில் வாங்கினாலும் இப்படி ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

அந்த 18 செடிகளும் பச்சை நிழல்வலைக்குள் வளர்ந்தவை. நிழலில் விரிந்த இலை அகலமாக, மெல்லியதாக, கரும்பச்சையாக இருக்கும். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ள அது செய்துகொண்ட ஏற்பாடு அது. அதே இலையைத் திடீரென மொட்டைமாடி வெயிலில் வைத்தால், பயன்படுத்த முடிகிற அளவைவிட அதிக ஒளி உள்ளே போய்ப் பச்சையத்தையே சிதைக்கும். வெயில் பார்த்த பக்கத்தில் வெளிறிய திட்டுகள் விழும். தண்ணீர்ப் பற்றாக்குறையில் நுனியும் ஓரமும்தான் முதலில் காயும். இரண்டையும் இதை வைத்துப் பிரித்தறியலாம்.

அதனால் முதல் வாரம் காலை 9 மணி வரை வெயில், அடுத்த வாரம் 11 மணி வரை, அதன்பிறகு முழு வெயில். பழைய இலை பெரிதாக மாறாது, சில உதிரவும் செய்யும். பயப்பட வேண்டாம். வெயிலிலேயே பிறக்கும் புது இலை சிறியதாக, தடிப்பாக வரும். அதுதான் பூவுக்கான உணவைத் தயாரிக்கப் போகிறது.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகச் செடிகள் போகின்றன. போன மாதம் ஓர் அக்கா, "தினமும் இரண்டு வேளை ஊற்றினேன், ஆனாலும் வாடிவிட்டது" என்று வாங்கிய செடியைத் திரும்பக் கொண்டுவந்தார். தொட்டியைக் கவிழ்த்ததும் சாக்கடை வாடை அடித்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்நார் மட்டும் கையில் நின்றது. வேரும் மூச்சுவிடும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று வழியாகத்தான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைந்துவிடும். மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றபடியே இலை வாடும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம்.

வாடிய செடியைப் பார்த்ததும் சொம்பை எடுக்காமல், விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் தினமும் கேட்கும். அடைமழையில் வாரம் முழுக்கக் கேட்காது. அதனால் "நாளுக்கு எத்தனை டம்ளர்?" என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை.

ஐந்து மணி நேர வெயில் விழாத பால்கனி என்றால், இதை வாங்காதீர்கள். செடி சாகாது, கொடியாக நீண்டு இலை விட்டுக்கொண்டே இருக்கும், மொட்டு பார்ப்பது அரிது. அந்த 12 பைகளின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்ததும் அவற்றையும் வெளியே எடுத்து வைப்பேன்.