கிளைக் கடைகளின் பற்றுச்சீட்டுகள்: எதை மறுபடி அனுப்புவது, எதை ஒதுக்கி வைப்பது

சாவகச்சேரி, நெல்லியடி, சுன்னாகம் ஆகிய இடங்களில் கிளைகளை வைத்திருக்கும் ஒரு பலசரக்கு வியாபாரத்தின் பற்றுச்சீட்டுகள் யாழ்ப்பாண நகரிலுள்ள தலைமைச் சேர்வருக்கு ஒத்திசைக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். நின்ற மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கிளைகளும் தேங்கிய சீட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்க, சேர்வர் திணறி 503 என்று பதிலளிக்கும். அந்த நிலையில் ஐந்து செக்கனுக்கு ஒருமுறை விடாமல் முயன்றால், எழ முயலும் சேர்வரைக் கிளைகளே மீண்டும் விழுத்திவிடும்.

ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இடைவெளியை 2, 4, 8, 16 செக்கன் என இரட்டிப்பாக்குவது வழமை. ஆனால் எல்லாக் கிளைகளும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகவே இரட்டித்தால் நெரிசல் தள்ளிப்போகுமே தவிரக் குறையாது. ஆகவே காத்திருக்கும் நேரத்தை எழுமாறாகத் தெரிவு செய்ய வேண்டும்:

```
wait = random.uniform(0, min(300, 2 ** attempt))
```

300 என்பது உச்சவரம்பு. சேர்வர் `Retry-After` அனுப்பினால் குறைந்தது அவ்வளவு நேரமாவது காத்திருக்க வேண்டும்.

பதில் வரவில்லை என்பதால் சீட்டுப் போய்ச் சேரவில்லை என்று கொள்ள முடியாது. 12 பைக்கற் சீனி விற்ற சீட்டைச் சேர்வர் பதிவு செய்த பின், பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால், மறுமுயற்சி அதை இரண்டாம் முறையும் பதிந்து இருப்பில் 24 பைக்கற்றைக் கழித்துவிடும். இதைத் தடுக்க, கிளையிலேயே ஒவ்வொரு சீட்டுக்கும் UUID எனும் தனித்த அடையாளம் ஒன்றை இட வேண்டும். அதே அடையாளம் மறுபடி வந்தால் சேர்வர் எதையும் எழுதாமல் "வெற்றி" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

தலைமைப் பட்டியலில் இல்லாத பொருட்குறியீட்டுடன் வந்த சீட்டு 422 என்று திருப்பப்பட்டால், எவ்வளவு காத்திருந்தாலும் பதில் மாறாது. அது வரிசையின் முன்னால் நின்று பின்னுள்ளவற்றையும் மறிக்கும் என்பதால், உடனே, அனுப்ப முடியாதவற்றை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் அட்டவணைக்கு மாற்றப்பட வேண்டும். சீட்டின் முழு உள்ளடக்கம், சேர்வர் சொன்ன காரணம், முதல் முயற்சியின் நேரம் ஆகியவையும் அதனுடன் செல்ல வேண்டும். மறுநாள் அதே சீட்டுக்குப் பொருள் திருப்பப்பட்டால், மூலச் சீட்டு இன்னும் சேர்வரில் இல்லாததால், அந்தத் திருப்பற் பதிவும் அதன் பின்னாலேயே காத்திருக்க வேண்டும்.

401 வேறு வகை. அனுமதி காலாவதியானதால் எல்லாச் சீட்டுகளும் ஒன்றுபோல் மறுக்கப்படும். அவற்றை ஒதுக்கத் தொடங்கினால் நல்ல சீட்டுகளெல்லாம் அந்த அட்டவணையில் குவிந்துவிடும். குற்றம் சீட்டில் இல்லை என்பதால் ஒத்திசைவையே நிறுத்தி, பொறுப்பானவருக்கு அறிவித்தலே முறை.

அட்டவணையில் எத்தனை பதிவுகள் உள்ளன என்பதைவிட, மிகப் பழையது எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது என்பதற்கே எச்சரிக்கை வைப்பேன். ஒரேயொரு சீட்டு மூன்று நாளாகக் கிடந்தாலும் அந்தக் கிளையின் கணக்கு பிழைதான். விடுபட்ட குறியீட்டைச் சேர்த்த பின் சீட்டை மறுபடி அனுப்பும்போது பழைய UUID மாறாமல் இருக்க வேண்டும்.